டிரம் உடைந்தால் திரவம் எங்கே போகும்?

1986 நவம்பர் 1-ஆம் தேதி, நள்ளிரவு தாண்டிய சற்று நேரத்தில், ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரத்தை ஒட்டிய ஷ்வைட்ஸர்ஹாலே என்ற இடத்தில் ஒரு ரசாயனக் கிடங்கு தீப்பிடித்தது. சாண்டோஸ் நிறுவனத்தின் 956-ஆம் எண் கிடங்கு அது. முதலில் இயந்திரங்களை வைப்பதற்காகக் கட்டிய கொட்டகை, பிறகு ரசாயனக் கிடங்காக மாறியிருந்தது. பூச்சிக்கொல்லிகளும் சாயப்பொருட்களுமாக 1,300 டன்னுக்கு மேல் உள்ளே இருந்தன. தீயைத் தானாக உணரும் கருவியோ, கூரையில் இருந்து தண்ணீர் தெளிக்கும் அமைப்போ அங்கே இல்லை. தீயணைப்பு வீரர்கள் விடியும்வரை தண்ணீரைப் பீய்ச்சினார்கள். டிரம்கள் வெடித்து வானத்தில் பறந்தன. விடிந்தபோது தீ அடங்கிவிட்டது.

ஆனால் அந்த இரவின் பெரிய கேடு தீயால் வரவில்லை. தீயை அணைத்த தண்ணீரால் வந்தது. 10,000 முதல் 15,000 கன மீட்டர் வரை தண்ணீர் அந்தக் கிடங்கின் மேல் விழுந்து, உடைந்த டிரம்களில் இருந்த பூச்சிக்கொல்லியைக் கரைத்துக்கொண்டு, வளாகத்தின் வடிகால் வழியாக ரைன் ஆற்றில் கலந்தது. கிடங்கில் இருந்த ஒரு சாயம் ஆற்றைச் சிவப்பாக்கியது. ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நீளத்துக்கு விலாங்கு மீன்கள் செத்து மிதந்தன. ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் ஆற்றில் இருந்து குடிநீர் எடுப்பதை நிறுத்த வேண்டியதாயிற்று.

இத்தனைக்கும் அந்த வடிகாலில் ஒரு குறையும் இல்லை. மழைத்தண்ணீரைத் தேங்கவிடாமல் ஆற்றுக்குக் கொண்டுபோவதுதான் அதன் வேலை. அதை அது ஒழுங்காகவே செய்தது. ரசாயனம் வைக்கும் இடத்தில் எந்த வடிகால் எங்கே போகிறது, அதை எப்படி அடைப்பது, அடைத்தபின் திரவம் எங்கே நிற்கும் என்று யாரும் முன்கூட்டிக் கணக்கிடாததே அந்த இரவின் கதை. அந்தக் கணக்கு கடினமானதில்லை. பள்ளிக்கூடப் பெருக்கலும் ஓர் அளவு நாடாவும் இருந்தால் எந்தக் குடோனுக்கும் போட்டுப் பார்க்கலாம். இங்கே ஒரு குடோனுக்கு அதைப் போட்டுப் பார்ப்போம்.

நீளம் 12 மீட்டர், அகலம் 8 மீட்டர். ஒரு முனையில் பெரிய ஷட்டர் கதவு. உள்ளே 20 பேலட்டுகள், பேலட்டுக்கு நான்கு டிரம் என்று 80 டிரம்கள். ஒவ்வொன்றிலும் 200 லிட்டர். ஆக மொத்தம் 16,000 லிட்டர் திரவம். கரைப்பானோ எண்ணெயோ அமிலமோ, எதுவாக இருந்தாலும் முதல் கணக்கு ஒன்றுதான்.

டிரம் என்பது முதல் அடைப்பு. அது ஓட்டையானால் திரவத்தைப் பிடித்துவைக்க இரண்டாவதாக ஓர் அடைப்பு வேண்டும். டிரம்களைச் சுற்றிக் கட்டும் தாழ்வான சுவரும், கசியாத தரையும் சேர்ந்து அந்த இரண்டாம் அடைப்பாகின்றன. பெரிய ஆலைகளில் இதை டைக் என்றும் பண்ட் என்றும் சொல்வார்கள். வயலுக்கு வரப்பு எப்படியோ அப்படித்தான் டிரம்களுக்கு இது: உள்ளே இருப்பது உள்ளேயே நிற்க வேண்டும், ஓர் இடத்தில் மடை திறந்திருந்தாலும் மற்ற மூன்று பக்கத்துக் கரையால் பயன் இல்லை.

எவ்வளவு கொள்ள வேண்டும்? இங்கிலாந்தில் எண்ணெய்ச் சேமிப்புக்காக 2001-இல் வந்த விதிகள், தனியாக நிற்கும் ஒரு தொட்டிக்கு அதன் கொள்ளளவைப் போல 110 விழுக்காடும், டிரம்களுக்கு அவற்றின் மொத்தக் கொள்ளளவில் 25 விழுக்காடும் கேட்கின்றன. அமெரிக்காவில் அபாயகரமான கழிவு டிரம்களுக்கான விதி, மொத்தத்தில் 10 விழுக்காடு அல்லது இருப்பதிலேயே பெரிய கலத்தின் முழு அளவு, இரண்டில் எது அதிகமோ அது என்கிறது. நமது 80 டிரம்முக்கு அமெரிக்க விதிப்படி 1,600 லிட்டர் போதும். ஆங்கிலேய விதிப்படி 4,000 லிட்டர் வேண்டும். ஏன் முழு 16,000 கேட்கவில்லை? டிரம்கள் ஒரே நேரத்தில் அத்தனையும் உடைவதில்லை என்ற எண்ணத்தில்தான். ஃபோர்க்லிஃப்ட்டின் முள் ஒன்றைக் குத்தலாம், ஓர் அடுக்கு சாயலாம், துருப்பிடித்த ஒன்று கசியலாம். அத்தகைய விபத்துகளுக்கு இந்த அளவு சரி. தீ என்று வந்தால் இந்த எண்ணம் தகர்ந்துபோகும். அதற்குப் பிறகு வருவோம்.

இப்போது 4,000 லிட்டர் என்பது நான்கு கன மீட்டர். குடோனின் தரை 96 சதுர மீட்டர். தரை முழுக்கப் பரவினால் ஆழம் வெறும் நான்கு சென்டிமீட்டர் சொச்சம்தான். இதைக் கேட்டதும் பலருக்கு வியப்பு வரும். பெரிய சுவர் ஒன்றும் தேவையில்லை. சுவர்கள் ஏற்கனவே இருக்கின்றன, கதவு வாசலில் மட்டும் ஒரு மேடு போட்டால் போதும். பத்து சென்டிமீட்டர் உயரத்தில் வாசலுக்குக் குறுக்கே ஒரு கான்கிரீட் மேடு, ஃபோர்க்லிஃப்ட் ஏறி இறங்க இருபுறமும் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்குச் சரிவு. கொள்ளளவு 9,600 லிட்டர் வந்துவிடுகிறது. பேலட்டின் மரம் பிடிக்கும் இடத்தைக் கழித்தாலும் 9,000 லிட்டருக்குக் குறையாது. குறைந்த செலவில் கிடைக்கும் நல்ல பாதுகாப்பு இது. ஓவியம் போல் வரைந்து உயர்ந்த சுவர் கட்டிப் பின்னால் வண்டி போக முடியாமல் அதையே உடைத்துவிடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் ஒரு நிபந்தனை. தரை சமமாக இருக்க வேண்டும். கழுவிவிட வசதியாக இருக்கட்டும் என்று கொத்தனார்கள் வழக்கமாகத் தரையை வாசல் பக்கம் சற்றுச் சரித்துவிடுவார்கள். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 12 மீட்டர் நீளத்தில் அது 12 சென்டிமீட்டர். அப்படியானால் வாசல் மேட்டின் அருகே பத்து சென்டிமீட்டர் நிற்கும் திரவம், பத்து மீட்டர் உள்ளே போகும்போது பூஜ்யமாகிவிடும். நீர் ஆப்பு வடிவில்தான் தேங்கும். கொள்ளளவு 9,600-இல் இருந்து சரியாக 4,000 லிட்டராக இறங்கிவிடும். பேலட் மரத்தைக் கழித்தால் விதி கேட்ட அளவைக்கூடத் தொடாது. அதே மேடு, அதே சுவர், ஆனால் பாதிக்கும் குறைவு. எனவே காகிதத்தில் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கிப் பார்த்ததோடு நிற்காமல், ஒரு நீர்மட்டக் குழாயை வைத்துத் தரையை அளந்துவிட வேண்டும். தரை சரிவது தெரிந்தால் அதைக் கதவுக்கு எதிர்ப்பக்கமாகச் சரியவிட்டு, அங்கே மூலையில் ஒரு சிறிய குழியை வெளிவழி எதுவும் இல்லாமல் அமைப்பது நல்லது. கசிந்தது அந்தக் குழியில் சேரும். அங்கிருந்து கைப்பம்பால் இறைத்து வெற்று டிரம்மில் நிரப்பலாம்.

சுவர் கொள்ளுமா என்பது ஒரு கேள்வி; அது ஒழுகாமல் இருக்குமா என்பது வேறு கேள்வி. 2005 டிசம்பர் 11-ஆம் தேதி இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்ட் எண்ணெய்க் கிடங்கில் வெடிப்பும் தீயும் நேர்ந்தபோது, தொட்டிகளைச் சுற்றியிருந்த கான்கிரீட் சுவர்கள் இடிந்துவிழவில்லை. ஆனாலும் எரிபொருளும் தீயணைப்புத் தண்ணீரும் வெளியேறி நிலத்தடி நீரைக் கெடுத்தன. சுவர்த் துண்டுகள் சேரும் இணைப்புகளில் பூசியிருந்த பசை தீயில் உருகிப்போனது. சுவர் வார்க்கும்போது பலகையைப் பிடித்த கம்பிகளின் துளைகள் வழியாகவும், சுவரைத் துளைத்துச் சென்ற குழாய்களைச் சுற்றியும் திரவம் கசிந்தது. பெரும் சுவரைக் கட்டியவர்கள் சிறு துளைகளை மறந்ததன் விலை அது.

நம் குடோன்களில் இதைவிடச் சாதாரணமாக நடப்பது, பூசாத செங்கல் சுவரை நம்புவது. செங்கல்லும் சாந்தும் திரவத்தை உறிஞ்சும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சிமென்ட்டையே தின்றுவிடும். தரையில் மணல்மணலாகப் பெயர்ந்து வருவதே அதற்கு அடையாளம். அமிலம் வைக்கும் இடத்தில் அமிலம் தாங்கும் பூச்சோ, அதற்கென்று உள்ள ஓடுகளோ வேண்டும், சுவரின் அடியில் தரையோடு சேரும் மூலைவரை. பிறகு எலக்ட்ரீஷியன் ஒருநாள் வந்து கேபிள் இழுக்கச் சுவரின் அடியில் துளை போட்டுவிட்டுப் போவார். அதை யாரும் கவனிப்பதில்லை.

ஒழுகுகிறதா என்று அறிய எளிய சோதனை உண்டு. சரக்கு இல்லாத நாளில் உள்ளே தண்ணீர் நிரப்பி, மட்டத்தைச் சுவரில் குறித்துவிட்டு, மறுநாள் அதே நேரம் பார்ப்பது. வெயிலில் ஆவியாவதை ஒழுகலாக நினைத்துவிடக் கூடாது. அதற்காகத் தண்ணீர் நிரப்பிய ஒரு வாளியையும் அதனுள்ளேயே வைத்து, வாளியில் எவ்வளவு இறங்கியதோ அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். மிச்சம் இறங்கியிருந்தால் அதுதான் ஒழுகல்.

திரவம் கீழே மட்டும் வழியும் என்று நினைப்பதும் ஒரு பிழை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் முள்ளைப் பேலட்டுக்குள் விடும்போது சற்று உயரமாகப் போனால், அது டிரம்மின் அடிப்பாகத்தில் குத்தும். நிறைந்த டிரம்மின் அடியில் துளை விழுந்தால் திரவம் பீய்ச்சி அடிக்கும். தரையில் உள்ள பேலட்டில் நிற்கும் டிரம் என்றால் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் தூரம் போகும். அதன் மேல் இன்னொரு பேலட் அடுக்கி, அந்த மேல் அடுக்கு டிரம்மின் அடியில் துளை விழுந்தாலோ, துளை ஒரு மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் திரவம் ஏறத்தாழ இரண்டு மீட்டர் தள்ளிப் போய் விழும். சுவரை ஒட்டித் தாழ்வான மேட்டின் ஓரத்தில் அடுக்கியிருந்தால், அது மேட்டைத் தாண்டி வெளியே விழுந்துவிடும். ஆகவே இரண்டு அடுக்கு வைப்பவர்கள் மேட்டின் ஓரத்தில் இருந்து அந்த இரண்டு மீட்டரை விட்டு உள்ளே அடுக்க வேண்டும், அல்லது தெறிப்பைத் தடுக்கத் தகடு நிறுத்த வேண்டும். டிரம்மின் மூடி இறுக்கமாக இருந்தால் உள்ளே காற்று புகாததால் பாய்ச்சல் விரைவில் தளரும்; சரக்கை எடுத்தபின் மூடியைச் சரியாகத் திருகாமல் விடுவதன் கெடுதல் இங்கே தெரிகிறது.

அடுக்கைப் பற்றிப் பேசும்போது டிரம்மின் மேல் பொறித்திருக்கும் ஓர் எழுத்தையும் சொல்ல வேண்டும். ஐக்கிய நாடுகள் சபையின் தரக்குறியில் எக்ஸ், ஒய், இசட் என்று மூன்று வகை உண்டு. எவ்வளவு உயரத்தில் இருந்து போட்டு அந்த டிரம்மைச் சோதித்தார்கள் என்பதன் அடையாளம் அது. இசட் என்றால் 80 சென்டிமீட்டர், ஒய் என்றால் 1.2 மீட்டர், எக்ஸ் என்றால் 1.8 மீட்டர். இரண்டாம் அடுக்கில் நிற்கும் டிரம்மின் அடிப்பாகம் கிட்டத்தட்ட 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒய் வகை டிரம்முக்கு அதுவே விளிம்பு. மூன்றாம் அடுக்கில் இருந்து அது விழுந்தால் உடையாது என்று எந்தச் சோதனையும் சொல்லவில்லை. திரும்பத் திரும்பப் பயன்படுத்தி நெளிந்த பழைய டிரம்முக்கு அந்த எழுத்தையே நம்ப முடியாது.

அடுத்து, ஒரே மேட்டுக்குள் எதையெல்லாம் சேர்த்து வைக்கலாம்? ப்ளீச்சிங்குக்குப் போகும் சோடியம் ஹைப்போகுளோரைட்டும், தரை கழுவவும் உலோகம் துலக்கவும் போகும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஒரே வியாபாரியின் குடோனில் அருகருகே நிற்பது வழக்கம். தனித்தனியாக அவை கசிந்தால் சமாளிக்கலாம். இரண்டும் ஒரே தரையில் கலந்தால் குளோரின் வாயு எழும். திரவம் வெளியே போகாமல் பிடித்து வைத்த அதே அடைப்பு, இரண்டையும் சேர்த்து வைத்த பாத்திரமாக மாறிவிடும். ஆகவே இவற்றுக்குத் தனித்தனி மேடுகள் வேண்டும். நடுவில் ஒரு குறுக்குச் சுவர் வைத்துவிட்டு, இரண்டு அறைக்கும் பொதுவாக ஒரே சேர்குழியை விட்டுவைத்தால் அது பிரித்ததாகாது. இடம் இல்லாத சிறிய கடைகளுக்கு, நான்கு டிரம் நிற்கும் அடித்தொட்டி உள்ள பிளாஸ்டிக் பேலட்டுகள் உதவும். ஒரு டிரம் முழுதாக ஒழுகினாலும் கொள்ளும் அளவுக்கு அவற்றின் அடித்தொட்டி இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்க வேண்டும். அந்தத் தொட்டிக்குள் குப்பையும் தண்ணீரும் சேராமல் வாரம் ஒருமுறை சல்லடையைத் தூக்கிப் பார்ப்பதே அதற்குச் செய்ய வேண்டிய பராமரிப்பு.

இனி வடிகால். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். குடோனுக்குள் தரை வடிகால் இருக்கவே கூடாது. ஏற்கனவே இருந்தால் அதைக் கான்கிரீட் ஊற்றி நிரந்தரமாக அடைத்துவிட வேண்டும். மூடி போட்டு வைத்தால் ஒருநாள் யாராவது தரை கழுவத் திறப்பார்கள். வெளியே முற்றத்தில் வடிகால் இல்லாமல் முடியாது. அங்கே கேட்க வேண்டியது, எந்த வாய் எங்கே போகிறது என்பது. மழைநீர் வடிகால் எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் நேராக ஓடைக்கோ கால்வாய்க்கோ போகிறது. கழிவுநீர்க் குழாய் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. இரண்டும் ஒன்றாகிவிட்டால் ஒரு டிரம் கரைப்பான் ஊரின் ஏரியை அடைய அரை மணி போதும்.

வரைபடத்தை நம்ப முடியாது, ஏனென்றால் கட்டியபோது போட்ட குழாய் வரைபடத்தில் இருப்பதுபோல இருப்பதில்லை. ஒவ்வொரு வாயிலும் சாயம் கலந்த ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அது எந்த மேன்ஹோலில் தலைகாட்டுகிறது என்று ஒருவர் நின்று பார்க்க வேண்டும். ஒரு மதியப் பொழுதில் முடிந்துவிடும் வேலை. தெரிந்துகொண்ட பிறகு, பிரிட்டனில் வழக்கமாக இருப்பதுபோல, மழைநீர் மூடிகளுக்கு நீலமும் கழிவுநீர் மூடிகளுக்குச் சிவப்பும் அடித்து, ஓடும் திசைக்கு ஓர் அம்பு வரைந்துவிட்டால், அவசரத்தில் யாரையும் கேட்க வேண்டியிருக்காது. முற்றத்தின் மழைநீர் வளாகத்தை விட்டு வெளியேறும் கடைசி இடத்தில் ஓர் அடைப்பு வால்வு பொருத்த வேண்டும். அதை மூடினால் முற்றமே ஒரு தொட்டியாகிவிடும். அந்த வால்வை மாதம் ஒருமுறை மூடித் திறந்து பார்க்காவிட்டால், தேவைப்படும் நாளில் துருப்பிடித்துத் திரும்பாது.

எண்ணெய் பிரிக்கும் தொட்டி இருக்கிறது, அதனால் கவலை இல்லை என்று சிலர் சொல்வார்கள். அது மிதக்கும் எண்ணெயை மட்டும் பிடிக்கும். அமிலமும் அசிட்டோனும் தண்ணீரில் கரைபவை. அவை அதைத் தாண்டி நேராகப் போய்விடும். சோப்பு நீர் கலந்தால் எண்ணெய்கூடப் பிரியாமல் வழிந்துபோகும்.

மழை இந்தக் கணக்கை எப்படிக் குலைக்கும் என்பதைச் சென்னைக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2015 டிசம்பர் முதல் நாள் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நமது பத்து சென்டிமீட்டர் மேடு கூரையில்லாத இடத்தில் இருந்திருந்தால், அன்று அது நான்கு தடவைக்கு மேல் நிரம்பி வழிந்திருக்கும். அதனால்தான் டிரம்களைக் கூரையின் கீழே வைக்கச் சொல்வது. கூரையின் சாரலும் தூவானமும் உள்ளே விழாமல் விளிம்பு நீண்டிருக்க வேண்டும். திறந்தவெளி அடைப்புகளில் தேங்கும் மழைநீரை வெளியே விட ஒரு வால்வு வைத்திருப்பார்கள். மழை பெய்யும்போதெல்லாம் திறப்பது சலிப்பாகி, கடைசியில் அதைத் திறந்தே விட்டுவிடுவார்கள். வெளியே இருந்து பார்த்தால் சுவர் கம்பீரமாக நிற்கும்; உள்ளே அது வெறும் தாழ்வாரம். அந்த வால்வுக்குப் பூட்டும், சாவிக்குப் பொறுப்பான ஒருவரும், திறக்குமுன் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மினுங்குகிறதா, அமிலத்தன்மை உண்டா என்று பார்த்துக் குறிக்க ஒரு நோட்டும் வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது, மணலித் தொழிற்பகுதியில் இருந்து எண்ணெய் வெள்ளத்தோடு பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலையாற்றின் வழியே எண்ணூர் கழிமுகம்வரை பரவியது. மீனவர்கள் தங்கள் படகுகளில் போய் வாளிகளால் எண்ணெயை அள்ளினார்கள். அது டிரம் சரக்கு அல்ல. ஆனால் எண்ணெய் போன வழி மழைநீர் போகும் வழிதான். அந்தக் கழிமுகத்தில் கறுத்துப்போன வலைகளைப் பார்த்தவர்கள், வடிகாலைப் பிரிப்பது காகித வேலை என்று சொல்ல மாட்டார்கள்.

தீயைப் பற்றிப் பிறகு வருவோம் என்றேன். ஒரு தீயணைப்புக் குழாய் நிமிடத்துக்கு 400 லிட்டர் ஊற்றுவதாக மிதமாகவே வைத்துக்கொள்வோம். இரண்டு குழாய்கள் வேலை செய்தால் நமது 9,000 லிட்டர் அடைப்பு 11 நிமிடத்தில் நிறைந்துவிடும். அதன்பிறகு ஊற்றும் ஒவ்வொரு லிட்டரும் ரசாயனத்தோடு வாசலைத் தாண்டும். இந்த நேரத்தில் காப்பாற்றக்கூடியது முற்றத்தின் வால்வு ஒன்றுதான். முற்றம் 600 சதுர மீட்டர், சுற்றிலும் 15 சென்டிமீட்டர் விளிம்பு என்றால், 90,000 லிட்டர் அங்கே தேங்கும்; அதே இரண்டு குழாய்களுக்கு அது ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அதற்குள் டேங்கர் லாரிகளை அழைத்து இறைக்கத் தொடங்கலாம். குடோனின் உரிமையாளர் தீயணைப்பு நிலையத்தோடு பேசி, முதல் வண்டி வந்தவுடன் அந்த வால்வை யார் மூடுவது என்று முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். சில சமயம், அருகில் ஆபத்து இல்லையென்றால், எரியவிட்டுச் சுற்றுப்புறத்தைக் குளிர்விப்பதே நல்ல முடிவாக இருக்கும். அதைத் தீயணைப்பு அதிகாரிதான் சொல்ல முடியும். அவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியல் வாசலிலேயே கிடைக்க வேண்டும்.

கடைசியாக ஸ்பில் கிட். சக்கரம் வைத்த மஞ்சள் தொட்டியில், திரவத்தை உறிஞ்சும் தாள்களும், நீண்ட பாம்பு போன்ற உறிஞ்சு உருளைகளும், வடிகால் வாயை மூடும் ரப்பர் போன்ற விரிப்பும், துளையை அடைக்கும் பசைமாவும், கையுறை, கண்ணாடி, பைகளும் இருக்கும். இதை வாங்கிவைத்துவிட்டால் டிரம் உடைந்தாலும் பார்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஓர் உறிஞ்சுதாள் அதிகம் போனால் ஒரு லிட்டர் உறிஞ்சும். 200 லிட்டர் டிரம்முக்கு 200 தாள். ஒரு முழு டிரம்மைப் பிடிப்பது அடைப்பின் வேலை. மொத்தத் திரவத்தைப் பம்பால் இறைத்தபின் மிச்சத்தைத் துடைப்பதும், அடைப்பு இல்லாத இடத்தில் சிந்தியதைச் சில நிமிடங்கள் நிறுத்திவைப்பதும் கிட்டின் வேலை.

அந்த அடைப்பு இல்லாத இடம் லாரி நிற்கும் முற்றம். நம் ஊரில் லாரியில் இருந்து டிரம்மை ஒரு பழைய டயரின் மேல் உருட்டித் தள்ளி இறக்குவார்கள். டிரம்கள் அதிகம் அடிபடும் இடம் அதுவே, மேடு இல்லாத இடமும் அதுவே, மழைநீர் வாய் பக்கத்தில் இருப்பதும் அங்கேதான். ஆகவே கிட் நிற்க வேண்டியது குடோனின் உள் மூலையில் அல்ல, வாசலுக்கு வெளியே, பூட்டில்லாமல். சரக்கு இறக்குவதற்கு முன்பே வடிகால் விரிப்பைப் போட்டுவிட்டு இறக்கத் தொடங்கினால் கிட்டின் முக்கால் வேலை முடிந்தது.

டிரம் உடைந்துவிட்டால் வரிசை முக்கியம். முதலில் ஆட்களை விலக்கி, காற்றடிக்கும் பக்கமாக நின்று, என்ன சரக்கு என்று லேபிளைப் பார்க்க வேண்டும். எரியக்கூடியது என்றால் ஃபோர்க்லிஃப்ட்டின் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். அடுத்து வடிகால் வாயை மூட வேண்டும். அதன்பிறகே டிரம்மைத் துளை மேலே இருக்கும்படி உருட்டி ஒழுகலை நிறுத்துவது. பிறகு சிந்தியதைச் சுற்றி உருளைகளால் வேலி போட்டு, வெளியில் இருந்து உள்நோக்கித் தாள்களைப் போட வேண்டும். பலரும் தலைகீழாகச் செய்வார்கள்: நடுவில் தாளைப் போட்டுத் துடைக்கத் தொடங்குவார்கள், அதற்குள் ஓடை போலத் திரவம் வாயை எட்டிவிடும்.

எதனால் உறிஞ்சுவது என்பதிலும் கவனம் வேண்டும். வெள்ளை நிறத் தாள்கள் எண்ணெய்க்கு மட்டும். தண்ணீரில் கரையும் அமிலத்தை அவை தொடாது. நம் குடோன்களில் கைக்கு எட்டுவது மரத்தூள். எண்ணெய்க்கு அது சரி. ஆனால் நைட்ரிக் அமிலத்தின் மேலோ, சாயப்பட்டறைகளுக்குப் போகும் அடர்ந்த ஹைட்ரஜன் பெராக்சைடின் மேலோ மரத்தூளைப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கலாம். அங்கே காய்ந்த மணல் போதும்.

உறிஞ்சியதோடு திரவம் மறைந்துவிடுவதில்லை. கரைப்பான் ஊறிய தாள் தொடர்ந்து ஆவி விட்டுக்கொண்டிருக்கும், அமிலம் ஊறியது அமிலமாகவே இருக்கும். அவற்றைக் குப்பை வண்டியில் போட்டால் சட்டப்படி குற்றம். மூடியுள்ள டிரம்மில் அடைத்து, என்ன என்று எழுதி ஒட்டி, அபாயகரக் கழிவாகக் கணக்கில் சேர்க்க வேண்டும். 2016 விதிகளின்படி அதைப் பொதுவாக 90 நாட்களுக்கு மேல் வளாகத்தில் வைத்திருக்க முடியாது. கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற அங்கீகாரம் பெற்ற கையாளும் மையத்துக்கு அனுப்ப வேண்டும். அன்று மாலையே, கிட்டில் இருந்து எடுத்த தாளும் உருளையும் எத்தனையோ அத்தனையையும் வாங்கி நிரப்ப ஆர்டர் போட்டுவிட வேண்டும், ஏனென்றால் அடுத்த லாரி நாளையே வரலாம்.